எச்சரிக்கைக் கடிதத்துக்கு மறுநாள் என்ன நடக்கிறது?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். நாற்பது பேர் உட்கார்ந்து தைக்கும் ஒரு லைன். அதன் சூப்பர்வைசர், பீஸில் குறை சொல்ல வரும்போதெல்லாம் ஒரு பெண் டெய்லரின் தோளில் கை வைக்கிறார். முதுகுப் பக்கமாகக் குனிந்து பேசுகிறார். ராத்திரியில் அவருடைய வாட்ஸ்அப்புக்கு வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் அனுப்புகிறார். அந்தப் பெண் எழுத்துமூலம் புகார் கொடுக்கிறார். கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழு இரு தரப்பையும் விசாரித்து, புகார் உண்மைதான் என்று முடிவுக்கு வந்து, சூப்பர்வைசருக்கு எழுத்துமூல எச்சரிக்கை கொடுக்கும்படி நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கிறது. அவர் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார். நகல் ஃபைலுக்குப் போகிறது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு இருவரும் அதே லைனில்தான் இருக்கிறார்கள்.

இது எந்தக் கம்பெனியின் கதையும் அல்ல. விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் அந்த மறுநாள் காலை கற்பனை அல்ல. எச்சரிக்கையோடு முடிகிற புகார்கள் பலவற்றிலும் அது வருகிறது. அன்றிலிருந்து மேலாளர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கடிதம் பலிப்பதும் பலிக்காமல் போவதும்.

சட்டம் எதுவரை வருகிறது

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். புகார் வந்தால் 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். அதன்பின் 10 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். பரிந்துரை கைக்கு வந்த 60 நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று சட்டத்தின் விதிகள் ஒரு பட்டியல் தருகின்றன: எழுத்துமூல மன்னிப்பு, எச்சரிக்கை, கண்டனம், பதவி உயர்வையோ சம்பள உயர்வையோ நிறுத்திவைப்பது, வேலையை விட்டு நீக்குவது, ஆலோசனைக்கு அனுப்புவது, சமூகப் பணி செய்ய வைப்பது.

இப்படி நாள் எண்ணிக்கை போட்டு வருகிற சட்டம், நடவடிக்கை எடுத்தாயிற்று என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. எச்சரிக்கைக்குப் பிறகு அந்த நடத்தை நின்றதா என்று யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படிப் பார்ப்பது என்பதற்கு அதில் அட்டவணை கிடையாது. ஆனால் பாதுகாப்பான பணிச்சூழலைத் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமைக்குக் கெடு எதுவும் இல்லை. ஆகவே இடைவெளியை நிரப்ப வேண்டியவர் மேலாளர்தான்.

பெரும்பாலான இடங்களில் இந்த இடைவெளி எப்படி நிரப்பப்படுகிறது தெரியுமா? “இனிமே ஏதாவது நடந்தா உடனே வந்து சொல்லும்மா” என்ற ஒரு வாக்கியத்தால். கேட்க ஆதரவாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்காணிக்கும் வேலை முழுவதையும் அது பாதிக்கப்பட்ட பெண்ணின் தலையில் போட்டுவிடுகிறது. ஒருமுறை புகார் கொடுப்பதற்கே வீட்டில் பேச்சு வாங்கி, லைனில் முறைப்பு வாங்கி, விசாரணையில் அதே விஷயத்தை நாலு பேர் முன்னால் திரும்பச் சொல்லி வந்தவர் அவர். இன்னொரு முறை தானாகப் படியேறி வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் வராமல் இருப்பதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிக்கொள்வது அதைவிட மோசம். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு மேலாளருக்கு மாற வேண்டும். கண்காணிப்புத் திட்டம் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

கடிதத்திலேயே தொடங்க வேண்டும்

“தங்கள் நடத்தையைத் திருத்திக்கொள்ளுமாறு எச்சரிக்கப்படுகிறீர்கள்.” இப்படி ஒரே வரியில் முடிகிற கடிதத்தை வைத்துக்கொண்டு எதையும் கண்காணிக்க முடியாது. எது நின்றிருக்க வேண்டும் என்பதே அதில் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு சம்பவத்தைச் சுட்டிக்காட்டினால், “அதைச் சொல்லலையே சார், நீங்க பொதுவாத்தானே சொன்னீங்க” என்பார் சூப்பர்வைசர். அந்தப் பதிலிலும் ஒரு நியாயம் இருக்கும்.

நம் உதாரணத்தில் கடிதம் கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களைச் சொல்ல வேண்டும். எந்தப் பெண் தொழிலாளியின் உடலையும் தொடக் கூடாது. பெயர் சொல்லி அழைக்க வேண்டும். வேறு சொற்கள் கூடாது. தனி நம்பருக்குச் செய்தியோ அழைப்போ கூடாது. வேலை விஷயமென்றால் லைன் குரூப்பில் போடலாம். ஷிப்ட் முடிந்தபின் யாரையும் தனியாக ஸ்டோர் ரூமுக்கோ கேபினுக்கோ கூப்பிடக் கூடாது. புகார் கொடுத்தவரிடமோ சாட்சி சொன்னவர்களிடமோ அதைப் பற்றிப் பேசக் கூடாது, வேலையில் பழிவாங்கக் கூடாது.

இத்தனையும் ‘கூடாது’களே. இவற்றோடு நிறுத்தினால் இன்னொரு சிக்கல் முளைக்கும். எச்சரிக்கை வாங்கிய பலர், வம்பே வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். தைக்க வேண்டிய அளவு மாறியது அவருக்குத் தெரியாது. நூல் தீர்ந்தால் கேட்க ஆளில்லை. ஊசி உடைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட ஆளில்லை. கை வைப்பது நின்றது, வேலை கொடுப்பதும் நின்றது என்றால் அந்த எச்சரிக்கையால் நஷ்டப்பட்டவர் புகார் கொடுத்தவர்தான். எனவே என்ன செய்ய வேண்டும் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும்: பீஸில் குறை இருந்தால் மெஷினுக்கு முன்பக்கம் நின்று, மற்ற டெய்லர்களிடம் சொல்வது போலவே சொல்ல வேண்டும், வேலை, டார்கெட், ஓவர்டைம் எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளபடியே அவருக்கும்.

கண்காணிப்பு எத்தனை காலம், யார் செய்வார்கள், மீறினால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும். ஒளிந்திருந்து பிடிப்பதற்கான ஏற்பாடு அல்ல இது. தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்திருப்பதே பாதித் தடுப்பு.

பன்னிரண்டு சந்திப்புகள்

கடிதம் கொடுத்த அன்றே காலண்டரில் தேதிகளைக் குறித்துவிட வேண்டும். “அப்பப்போ பார்த்துக்கலாம்” என்று விட்டால், முதல் ஷிப்மென்ட் அவசரம் வந்ததுமே மறந்துபோகும். சட்டம் இதற்கு ஒரு கணக்கு சொல்லாததால், ஒரு கம்பெனி தாங்கக்கூடிய, பயனும் தரக்கூடிய ஒரு வரிசையைச் சொல்கிறேன். முதல் சந்திப்பு மூன்றாவது வேலைநாளில். பிறகு முதல் மாதம் வாரம் ஒருமுறை. இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதன்பின் ஆறாவது மாதம் முடியும்வரை மாதம் ஒருமுறை. புகார் கொடுத்தவரோடு மொத்தம் பன்னிரண்டு சந்திப்புகள்; ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். சூப்பர்வைசரோடும் தனியாக இதே வரிசை.

மூன்றாம் நாள் எதற்கு? சீண்டலும் குத்தல் பேச்சும் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் வரும். கடிதம் வாங்கிய கோபம் அப்போதுதான் சூடாக இருக்கும். ஆறு மாதம் எதற்கு? பயத்தில் அடங்கியிருப்பதும் பழக்கம் மாறுவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். வேலை நெருக்கடி ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். பின்னலாடைத் தொழிலில் அந்த நெருக்கடி ஷிப்மென்ட் தேதியோடு வருகிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடி, ராத்திரி எட்டரை மணிக்கும் லைன் நிற்காமல், மேலாளர்கள் பேக்கிங்கில் முழுகிக் கிடக்கும் நாட்கள் அவை. அப்படி ஒரு சுற்றையாவது கடக்காத கண்காணிப்பு, எளிதான நாட்களை மட்டும் பார்த்துவிட்டு முடிகிற கண்காணிப்பு. ஆகவே ஏற்றுமதித் தேதிகளைப் பார்த்து, அந்த வாரங்களில் ஒரு சந்திப்பாவது விழும்படி அட்டவணை போட வேண்டும். நடைமுறையில் தள்ளிப்போவது அந்த வாரச் சந்திப்புதான்.

பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். சூப்பர்வைசருக்கு மேலே இருக்கும் ஃப்ளோர் மேனேஜர் அதற்குப் பொருத்தமானவர். புகார் கொடுத்தவரோடு பேசுவது மட்டும் உள்ளகக் குழுவிலோ மனிதவளப் பிரிவிலோ உள்ள ஒரு பெண் அதிகாரியாக இருக்கட்டும். மேனேஜர் மாற்றலாகிப் போனால், கையிலிருக்கும் ஆர்டர் விவரத்தை ஒப்படைப்பது போல இந்த அட்டவணையையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். திட்டங்கள் சத்தமில்லாமல் செத்துப்போவது இந்த மாற்றலில்தான்.

எதைக் கேட்பது, எங்கே கேட்பது

ஃப்ளோரின் நடுவில் இருக்கும் கண்ணாடி கேபினுக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டால் நாற்பது பேரும் பார்ப்பார்கள். “என்ன, மறுபடியும் கம்ப்ளைன்ட்டா?” என்று டீ நேரத்தில் கேட்பார்கள். அடுத்த வாரம் கூப்பிட்டால் அவர் வரத் தயங்குவார். மருத்துவ அறை, குழந்தைகள் காப்பக அறை, சம்பளப் பிரிவு என்று எல்லோரும் சாதாரணமாகப் போய்வரும் இடமாக இருந்தால் நல்லது. பேசிய நேரத்துக்கான பீஸ் கணக்கு அவர் டார்கெட்டிலிருந்து கழிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சந்திப்பும் அவருக்கு ஒரு தண்டனையாகிவிடும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்ணாக இருந்தால் மொழிபெயர்க்க யார் உட்காருகிறார் என்று பார்க்க வேண்டும். வசதிக்காக அதே லைனின் ஆளையோ, அழைத்துவந்த ஏஜென்ட்டையோ உட்கார வைத்தால் உண்மை வெளியே வராது.

அடுத்தது கேள்வி. “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்.

“சரியாத்தானுங்க மேடம் இருக்கு.”

அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டு அனுப்பினால் கேட்டதும் கேட்காததும் ஒன்றே. நடந்ததை விவரிக்க வைக்கும் கேள்வி வேண்டும். “கடைசியா அவர் உங்ககிட்ட எப்போ பேசினார்? என்ன சொன்னார்? எங்க நின்னு சொன்னார்?” “இந்த வாரம் எந்த ஆபரேஷன் தைச்சீங்க?” “ஒன்றரை ஷிப்ட் எத்தனை நாள் வந்துச்சு?” “லீவு கேட்டீங்களா? யார்கிட்ட கேட்டீங்க?” “லைன்ல மத்தவங்க முன்னே மாதிரி பேசுறாங்களா?” கடைசியில் ஒன்று: “நான் கேக்காம விட்டது ஏதாவது இருக்குதா?”

இப்படிக் கேட்கும்போது தீர்ப்புச் சொல்லும் சுமை அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவர் நடந்ததைச் சொன்னால் போதும். அது கடிதத்துக்கு உட்பட்டதா, மீறியதா என்று யோசிக்க வேண்டியது கேட்பவர் வேலை. அவர் சொன்ன சொற்களிலேயே, தேதி போட்டு எழுதி, வாசித்துக் காட்டிவிட வேண்டும். பேச விருப்பமில்லை என்று ஒரு சந்திப்பில் அவர் சொன்னால், அதையும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பலாம். வற்புறுத்தக் கூடாது.

சூப்பர்வைசரோடு பேசும்போது அறிவுரையைக் குறைக்க வேண்டும். “கடிதத்துல என்ன சொல்லியிருக்கு, உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று தொடங்கலாம். போன வாரம் அந்த மெஷினில் பீஸ் திரும்பி வந்தபோது எப்படிச் சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்கலாம். அவருக்கு நிஜமான சிரமம் இருந்தால் அதையும் கேட்க வேண்டும். “என்ன சொன்னாலும் தப்பாயிடுமோன்னு பயமா இருக்குங்க சார்” என்று அவர் சொன்னால், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அங்கேயே தெளிவாக்கலாம். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் “பேசி முடிச்சுக்கங்க” என்பது மட்டும் ஒருபோதும் கூடாது. ஒருவரின் தினக்கூலிக் கணக்கு இன்னொருவரின் கையில் இருக்கும்போது அந்தப் பேச்சு சமமான பேச்சு ஆகாது.

காகிதம் சொல்லும் சாட்சி

இனி உதாரணத்தை நகர்த்திப் பார்ப்போம். மூன்றாம் நாள் அந்தப் பெண் சொல்கிறார்: தொடுவது இல்லை, செய்தி வருவதில்லை. முதல் வாரம், இரண்டாம் வாரமும் அதே பதில். மூன்றாவது வாரம், “ஒண்ணுமில்லீங்க மேடம், ஓவர்டைம்தான் இப்பெல்லாம் வர்றதில்லை” என்று போகிற போக்கில் சொல்கிறார்.

ஃப்ளோர் மேனேஜர் அன்று மாலை லைனின் பதிவேடுகளை எடுக்கிறார். புகாருக்கு முந்தைய எட்டு வாரத்தையும் பிந்தைய மூன்று வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஒன்றரை ஷிப்ட் பட்டியலில் லைனின் மற்ற டெய்லர்களின் பெயர்கள் வாரத்தில் மூன்று, நான்கு நாள் இருக்கின்றன. இந்தப் பெண்ணின் பெயர் மூன்று வாரமாக ஒருநாள்கூட இல்லை. இரண்டு வருடமாக ஓவர்லாக் தைத்தவரைக் கழுத்துப் பட்டி வைக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். புது வேலையில் கை பழகாததால் மணிக்கணக்குப் பலகையில் அவர் எண்ணிக்கை குறைகிறது. செக்கிங்கில் திரும்பும் பீஸ் கூடியிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் ‘வேலையில் திறமை குறைவு’ என்று ஒரு மெமோ கொடுக்க எல்லா ஆதாரமும் தயாராகிவிடும்.

சூப்பர்வைசரைக் கேட்டால், “ராத்திரி நேரத்துல எதுக்கு வம்புன்னுதான் சார் அனுப்பிட்டேன்” என்கிறார். அது உண்மையாகவே இருக்கலாம்; பழிவாங்கலாகவும் இருக்கலாம். அவர் மனதில் என்ன இருந்தது என்று மேலாளர் கண்டுபிடிக்கத் தேவையில்லை. விளைவு கண்ணுக்குத் தெரிகிறது: புகார் கொடுத்தவருக்கு வருமானம் குறைந்துவிட்டது. பாலியல் துன்புறுத்தலோடு சேர்ந்து வரும் வேலை மிரட்டலையும், வேலையில் குறுக்கிடுவதையும், விரோதமான சூழலை உண்டாக்குவதையும் சட்டத்தின் 3-ஆம் பிரிவு துன்புறுத்தலின் வடிவங்களாகவே பார்க்கிறது.

அன்றே மேனேஜர் மூன்று வேலை செய்கிறார். ஓவர்டைம் பட்டியல், ஆபரேஷன் மாற்றம், லீவு, வேலைத்திறன் மதிப்பீடு ஆகியவற்றில் அந்தப் பெண் சம்பந்தப்பட்டவற்றை இன்னொரு சூப்பர்வைசரிடம் ஒப்படைக்கிறார். விசாரணை நடக்கும்போது எதிர்த்தரப்பினர் புகார் கொடுத்தவரின் வேலையை மதிப்பிடாமல் தடுத்துவைக்க விதிகளில் ஏற்கெனவே வழி உண்டு. அதையே கண்காணிப்புக் காலம் முழுக்க நீட்டித்திருந்தால் இந்த மூன்று வாரம் நடந்தே இருக்காது. இரண்டாவதாக, அவரை ஓவர்லாக்குக்குத் திருப்பி, இழந்த ஓவர்டைமை ஈடுசெய்ய ஏற்பாடு செய்கிறார். மூன்றாவதாக, கண்டதை எழுதி உள்ளகக் குழுவுக்கு அனுப்புகிறார்.

நடத்தை நின்றதா என்று சந்திப்பில் கேட்பது ஒரு பாதி. மற்றொரு பாதி பதிவேடுகளில் இருக்கிறது. வருகை, ஓவர்டைம், மெஷின் மாற்றம், திரும்பிய பீஸ், லீவு அனுமதி ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு சந்திப்புக்கு முன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார வேண்டும். வாயால் சொல்லத் தயங்குவது இங்கே பதிவாகியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அல்லாமல், சாட்சி சொன்னவர்களுக்கும் இதே ஐந்தைப் பார்ப்பது நல்லது. இதோடு, ஷிப்ட் முடியும் நேரத்திலும் ஒன்றரை ஷிப்ட் நாட்களிலும் மேனேஜர் முன்கூட்டிச் சொல்லாமல் ஃப்ளோரில் ஒரு சுற்று வருவது போதும். லைனில் உள்ளவர்களைக் கூப்பிட்டு “அவர் இன்னும் அப்படித்தான் நடந்துக்கிறாரா?” என்று விசாரிக்கக் கூடாது. புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது 16-ஆம் பிரிவு. மீறினால் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம், அடுத்த பெண் புகார் கொடுக்கத் துணியமாட்டார் என்பது.

மறுபடியும் நடந்தால்

ஏழாவது வாரம், ஷிப்மென்ட் நெருக்கடி. அந்தச் சூப்பர்வைசர் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார் என்று சந்திப்பில் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில் மேலாளர்கள் செய்யும் பழக்கப்பட்ட தவறு, கூப்பிட்டுத் திட்டிவிட்டு இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது. அப்படிச் செய்தால் விசாரணை இல்லாமல் தீர்ப்புச் சொன்னதாகிறது. முதல் கடிதத்தில் எழுதிய ‘மீறினால்’ என்ற சொல்லுக்கும் மதிப்பில்லாமல் போகிறது.

மேலாளர் நீதிபதி அல்ல. கேட்டதைத் தேதி, நேரம், இடம் போட்டு அன்றே எழுதி உள்ளகக் குழுவுக்கு அனுப்புவதும், அன்றைக்கே அந்த லைனிலிருந்து சூப்பர்வைசரை வேறு பொறுப்புக்கு நகர்த்துவதும்தான் அவர் வேலை. நகர வேண்டியவர் அவரே. பெண்ணை ‘பாதுகாப்புக்காக’ வேறு லைனுக்கு அனுப்பினால், பழகிய மெஷினையும் பக்கத்து மெஷின் தோழிகளையும் இழப்பவர் அவர். அவரே மாற்றம் கேட்டால் மட்டும் கொடுக்கலாம். புதிய சம்பவத்துக்குப் புதிய புகார் கொடுக்கலாம் என்பதை அந்த இரண்டாவது பெண்ணுக்குச் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். காவல்துறைக்குப் போகும் உரிமையும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவின் கீழ் பாலியல் துன்புறுத்தல் குற்றம். அவர் எந்த வழியில் போக நினைத்தாலும், எழுதித்தர உதவி வேண்டுமென்றால் கம்பெனி அந்த உதவியைச் செய்ய வேண்டும்.

சூப்பர்வைசர் பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. சந்திப்பில் சொல்லப்பட்ட ஒன்று உடனே உண்மையாகிவிடாது. அவர் தரப்பையும் குழு கேட்க வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்தவரை ஏழாவது மாதமும் அதே கண்ணோடு பார்க்கக் கூடாது. முடிவுத் தேதியும் முடிவுக்கான அளவுகோலும் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தால் இரு தரப்புக்கும் அது பாதுகாப்பு.

பதினோராவது சந்திப்பில் அவர் வரவில்லை என்றால்

கண்காணிப்பு எப்போது முடிந்ததாகச் சொல்லலாம்? பன்னிரண்டு சந்திப்பும் நடந்திருக்க வேண்டும். அவற்றில் பெண் விவரித்ததும், பதிவேடுகள் சொன்னதும், மேனேஜர் நேரில் கண்டதும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். குறைந்தது ஒரு ஷிப்மென்ட் நெருக்கடியாவது நடுவில் வந்துபோயிருக்க வேண்டும். பன்னிரண்டு தாளிலும் ‘பிரச்சினை ஏதுமில்லை’ என்ற ஒரே வரி இருந்தால், அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாமல், கேள்வி சரியாகக் கேட்கப்பட்டதா என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். உண்மையான சந்திப்புத் தாளில் மெஷின் நம்பர் இருக்கும், ஒரு பேச்சு இருக்கும், ஒரு நாள் இருக்கும்.

நடுவில் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டால் பல கம்பெனிகள் ஃபைலை மூடிவிடுகின்றன. நடைமுறையில் இதுதான் மிகப் பெரிய ஓட்டை. “வீட்டுல கூப்பிட்டாங்க, போயிட்டாங்க” என்பார்கள். அவர் ஏன் போனார் என்று ஒரு போன் செய்து கேட்க வேண்டும். லைனில் இருக்க முடியாமல் போனார் என்றால் திட்டம் தோற்றிருக்கிறது, அதை அப்படியே எழுத வேண்டும். அவர் போனாலும் சூப்பர்வைசர் மீதான கண்காணிப்பு மீதி மாதங்களுக்குத் தொடர வேண்டும். எச்சரிக்கை ஒரு பெண்ணோடு நடந்துகொள்வது பற்றியது மட்டும் அல்ல. அந்த மெஷினில் நாளை இன்னொரு பெண் உட்காருவார். சூப்பர்வைசரையே வேறு யூனிட்டுக்கு மாற்றினாலும் அப்படித்தான். அங்குள்ள மேனேஜருக்கு யார் புகார் கொடுத்தார், என்ன நடந்தது என்ற விவரம் தெரியத் தேவையில்லை. எந்தெந்தச் செயல்கள் கூடாது என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறார், எந்தத் தேதிவரை பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிய வேண்டும். அதுகூடச் சொல்லாமல் அனுப்பினால், ஆபத்தை அது என்னவென்றே தெரியாத நாற்பது பேரிடம் அனுப்பியதாகும்.

இந்த வேலை முழுவதையும் மேலாளர்களிடமே விட்டுவிடவும் முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அதன்பின் பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கமும், கம்பெனியும், துணி வாங்கும் உலக பிராண்டுகளும் சேர்ந்து 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் மையமான ஏற்பாடுகளில் ஒன்று, பயிற்சி பெற்ற தொழிலாளர்களே ஃப்ளோரில் கண்காணிப்பாளர்களாக இருப்பது. மாதம் ஒருமுறை வரும் மேனேஜர் பார்க்காததைப் பக்கத்து மெஷினில் இருப்பவர் தினமும் பார்க்கிறார். புகார் கொடுப்பவரைப் பழிவாங்கினால் அது ஒப்பந்த மீறல் என்பதும் அதில் உண்டு.

அத்தகைய ஒப்பந்தம் இல்லாத கம்பெனியில் இன்று எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தால், கையெழுத்து வாங்கும் முன் அதன் கீழே மூன்று வரி சேர்க்கலாம்: பன்னிரண்டு சந்திப்புகளின் தேதிகள், பொறுப்பாளரின் பெயர், ஓவர்டைமையும் மதிப்பீட்டையும் இனி யார் போடுவார் என்பது. அந்த மூன்று வரி இல்லாத கடிதம் நிர்வாகத்தின் ஃபைலைத்தான் காப்பாற்றும். மறுநாள் காலை எட்டரை மணிக்கு லைனில் உட்காரும் பெண்ணைக் காப்பாற்றுவது அந்த மூன்று வரியைப் பின்பற்றும் ஆறு மாத வேலைதான்.